திரையில் ‘Refused’ என்று வந்தால் விசா கைவிட்டுப் போய்விட்டதா?

அமெரிக்க விசா விண்ணப்பங்களைப் பார்ப்பது என் தொழில். இரவு வெகுநேரம் கழித்து எனக்கு வரும் செய்திகளில் பாதிக்கு மேல் ஒரே ஸ்கிரீன்ஷாட்தான் இருக்கும்: ceac.state.gov தளத்தின் நிலவரப் பக்கம், அதில் பெரிய எழுத்தில் ‘Refused’. “நேர்காணலில் அதிகாரி சிரித்துப் பேசினாரே, கூடுதல் ஆவணம் மட்டும்தானே கேட்டார், அதற்குள் மறுத்துவிட்டார்களே” என்று கூடவே ஒரு புலம்பல்.

மறுத்துவிட்டார்கள் என்பது சட்டப்படி உண்மை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. விண்ணப்பதாரர் நேர்காணலுக்கு வந்து நின்ற பிறகு, துணைத் தூதரக அதிகாரி ஒன்று விசாவை வழங்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். ‘பிறகு பார்க்கலாம்’ என்ற மூன்றாவது கட்டம் அவருடைய படிவத்தில் கிடையாது. ஓர் ஆவணம் குறைந்தாலோ, பின்னணிச் சரிபார்ப்பு தேவைப்பட்டாலோ, குடியேற்றச் சட்டத்தின் 221(g) பிரிவின் கீழ் மறுத்துவிட்டுக் கோப்பைத் திறந்தே வைத்திருப்பார். முன்பெல்லாம் இப்படிப்பட்ட கோப்புகளுக்குத் திரையில் ‘Administrative Processing’ என்று வரும். பார்ப்பவருக்கும் கொஞ்சம் நிம்மதி இருக்கும். 2020 தொடக்கத்திலிருந்து இவையும் ‘Refused’ என்றே காட்டப்படுகின்றன. சட்டத்துக்குப் பொருந்துகிறது என்பது சரிதான். அந்தப் பக்கத்தைத் திறப்பவரின் வயிற்றை யார் நினைத்துப் பார்த்தார்கள்?

சிக்கல் என்னவென்றால், 214(b) பிரிவின் கீழ் மறுக்கப்பட்டவருக்கும் இதே சொல்தான் வரும். அது வேறு வகை: சொந்த நாட்டுக்குத் திரும்புவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை என்பது அதற்கு வழக்கமான காரணம். அந்தக் கோப்பு மூடப்பட்டது. ஆவணம் அனுப்பித் திறக்க முடியாது. மறுபடி வேண்டுமானால் புதிய விண்ணப்பம், புதிய கட்டணம். ஆகவே நீங்கள் எந்த வகை என்பதைத் திரையில் தேடாதீர்கள். நேர்காணல் ஜன்னலில் கையில் கொடுத்த தாளைப் பாருங்கள். எந்தப் பிரிவு, என்ன ஆவணம், எப்படி அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடவுச்சீட்டை வைத்துக்கொண்டார்களா, திருப்பிக் கொடுத்தார்களா என்பதை வைத்துச் சோதிடம் பார்க்க வேண்டாம். 221(g)-இல் இரண்டும் நடக்கும்.

ஓர் ஆராய்ச்சி மாணவியின் கோப்பைச் சொல்கிறேன். பொருளறிவியல் துறை, முனைவர் பட்டப் படிப்பு. தன்விவரக் குறிப்பு, ஆய்வுத் திட்டம், வெளியீடுகளின் பட்டியல், கூடவே DS-5535 என்ற கூடுதல் கேள்விப் படிவம் ஆகியவற்றைக் கேட்டிருந்தார்கள். அந்தப் படிவம் லேசானதல்ல. கடந்த 15 ஆண்டுகளில் எங்கெல்லாம் பயணம் செய்தீர்கள், எங்கெல்லாம் குடியிருந்தீர்கள், எங்கெல்லாம் வேலை பார்த்தீர்கள் என்று கேட்கும். அவர் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பினார். அடுத்த சில நாட்களில் நிலவரப் பக்கத்தில் ‘Case Last Updated’ என்பதற்கு எதிரே தேதி மாறியிருந்தது. ‘Refused’ மட்டும் அப்படியே இருந்தது. இரண்டாவது முறையும் மறுத்துவிட்டார்கள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

அந்தத் தேதி மாற்றம் சொல்வது ஒன்றுதான்: யாரோ அந்தக் கோப்பில் ஏதோ ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார்கள். வந்த ஆவணத்தைச் சேர்த்திருக்கலாம், ஒரு சரிபார்ப்பு முடிந்ததைக் குறித்திருக்கலாம். முடிவு நெருங்குகிறதா, தள்ளிப்போகிறதா என்பதை அது சொல்லாது. தேதி அடிக்கடி மாறிய கோப்பு நெடுநாள் கிடப்பதும், அசையாமல் கிடந்த கோப்பு ஒரே நாளில் ‘Issued’ ஆவதும் உண்டு. அவர் ஒவ்வொரு தேதி மாற்றத்துக்கும் அதே ஆவணங்களை மறுபடி அனுப்பத் தொடங்கியிருந்தார். நிறுத்தச் சொன்னேன், மறுபடி வரும் கடிதத்தையும் ஒருவர் திறந்து, கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருந்தது. விண்ணப்பத்தை நிரப்பித் தந்த முகவர், DS-160 படிவத்தில் தன் சொந்த மின்னஞ்சல் முகவரியைப் போட்டிருந்தார். தூதரகம் கடவுச்சீட்டைக் கேட்டு எழுதினால் அது அங்கேதான் போகும். மாணவி நிலவரப் பக்கத்தை மணிக்கொரு தடவை திறந்துகொண்டிருக்க, அவருக்கு வர வேண்டிய கடிதம் யாருடைய குப்பை அஞ்சல் பெட்டியிலோ விழக் காத்திருந்தது. கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு, சரியான முகவரியைத் தூதரகத்துக்கு எழுதித் தெரிவித்தோம். கூடுதல் விவரம் வேண்டுமென்றால் தொடர்புகொள்வோம் என்று அந்த ‘Refused’ சொல்லுக்குக் கீழேயே எழுதியிருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை.

இன்னொன்று, கல்லூரி தரும் I-20 சான்றிதழில் உள்ள படிப்புத் தொடங்கும் தேதி. கோப்பு நிலுவையில் இருக்கும்போதே அது கடந்துவிட்டால், சரிபார்ப்பு முடிந்தாலும் பழைய I-20-ஐ வைத்து விசா பெற முடியாது. தேதி நெருங்குவதற்கு முன்பே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதி, சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்து, புதிய I-20 பெற்றுத் தூதரகத்துக்கு அனுப்பினோம். நாட்காட்டியில் வட்டமிட வேண்டியது இந்தத் தேதியைத்தான்.

சரி, எத்தனை முறை பார்ப்பது? என் கணக்கு இது. நேர்காணல் முடிந்த மறுநாள் ஒரு முறை பாருங்கள். விவரங்களைப் போட்டால் பக்கம் திறக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள. கடவுச்சீட்டு எண்ணோடு குடும்பப் பெயரின் முதல் ஐந்து எழுத்துகளையும் கேட்கும். கடவுச்சீட்டில் ஒரே பெயர் உள்ளவர்கள் இங்கே தடுமாறுவார்கள்: DS-160-இல் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதை எழுதினீர்களோ அதையே இங்கும் தர வேண்டும். கேட்ட ஆவணங்களை அனுப்பிய பின் ஒரு வாரம் கழித்து ஒரு முறை. அதன் பிறகு வாரத்துக்கு ஒரு முறை போதும். மின்னஞ்சலை மட்டும், குப்பை அஞ்சல் பெட்டி உட்பட, தினமும் பாருங்கள். ஒரு நாளில் பத்து முறை பார்த்தாலும் பக்கம் அதே பதிலைத்தான் தரும். உங்கள் பார்வை கோப்பை நகர்த்தாது. தாளில் காத்திருக்கச் சொன்ன காலம் எதுவோ அது முடிந்த பிறகு, கோப்பு எண்ணோடு சுருக்கமாக ஒரு கடிதம் எழுதலாம். நெருங்கிய உறவினருக்கு உயிராபத்து போன்ற அவசரம் என்றால் மட்டும் முன்கூட்டியே எழுதுங்கள், சான்றோடு.

கேட்ட ஆவணங்களை அனுப்பாமல் இருந்தால் மட்டும் கடிகாரம் உங்களுக்கு எதிராக ஓடும். மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அவை போய்ச் சேராவிட்டால், கட்டணம் கட்டி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதேபோல, கோப்பு திறந்திருக்கும்போதே பொறுமை இழந்து இன்னொரு DS-160 போடுவதால் வேகம் கூடாது. அந்தக் கட்டணமும் திரும்பி வராது.

பிறகு அந்த மாணவிக்கு விசா கிடைத்தது. அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது, ‘இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதப்போனார். கிடைத்துவிட்டதே என்பது அவருடைய நியாயம். ‘ஆம்’ என்று குறித்து, எந்த மாதம், 221(g) பிரிவு, பின்னர் விசா வழங்கப்பட்டது என்று ஒரே வரியில் விளக்கம் எழுதவைத்தேன்.