குளுக்கோநியோஜெனிசிஸ்: கொழுப்பு எங்கிருந்து வந்தது?

குளுக்கோநியோஜெனிசிஸ் என்ற சொல்லுக்கு "கொழுப்பைச் சர்க்கரையாக்கல்" என்று தமிழ் போடுகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது கைத்தவறு என்று விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை ஓரத்தில் குறித்து வைத்தேன். போன வாரம் இரண்டு மாணவிகள் இந்தத் தமிழை வைத்துக்கொண்டே அரைமணி நேரம் சண்டை போட்டதைப் பக்கத்து மேசையில் இருந்து கேட்டேன். இனி எழுதாமல் இருக்க முடியாது.

வேர்ச்சொற்களை முதலில் முடித்துவிடலாம். கிரேக்கத்தில் இனிப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து 1838-இல் பிரான்சில் உருவான பெயர் குளுக்கோஸ். 'நியோ' என்றால் புதிய. 'ஜெனிசிஸ்' என்றால் தோற்றம், பிறப்பு. மூன்றையும் கூட்டினால் குளுக்கோஸ் புதிதாய்த் தோன்றுதல். இதில் கொழுப்பு என்ற பேச்சே கிடையாது. 'புதிது' என்பதற்கும் ஒரு குறிப்பான பொருள் உண்டு. கல்லீரலில் கிளைக்கோஜனாகச் சேமித்து வைத்த குளுக்கோஸை உடைத்து வெளியே விடுவது பழைய சரக்கு. லாக்டேட், அமினோ அமிலங்கள், கிளிசரால் போன்ற மாவுச்சத்தல்லாத பொருள்களிலிருந்து கல்லீரலும் சிறுநீரகமும் குளுக்கோஸைக் கட்டியெழுப்புவது புதிய சரக்கு. அவ்வளவுதான் சொல்.

சரி, அந்தச் சண்டைக்கு வருகிறேன்.

"பேரிலேயே இருக்கேடி, கொழுப்பைச் சர்க்கரையாக்கல்னு. அப்புறம் எப்படி ஆகாதுன்னு சொல்ற?" என்றாள் ஒருத்தி.

"பேரை விடு. கொழுப்பு அமிலம் உடைஞ்சா அசிட்டைல் கோ-ஏ. அதுல ரெண்டு கார்பன். குளுக்கோஸ் செய்யணும்னா மூணு கார்பன் உள்ள பைருவேட் வேணும். அதை அப்படிப் பைருவேட்டா திருப்ப நம்ம உடம்புல வழி கிடையாது. ஒருவழிப் பாதை" என்றாள் அடுத்தவள்.

"திருப்ப வேண்டாமே. சிட்ரிக் அமிலச் சுழற்சிக்குள்ள போகட்டும், ஆக்சலோஅசிட்டேட்டா வெளிய வரட்டும். அதிலிருந்து குளுக்கோஸ் செய்யலாம்ல? அடையாளக் கார்பன் போட்டுப் பார்த்திருக்காங்க. கதிரியக்கக் கார்பன் உள்ள அசிட்டேட்டைக் கொடுத்தா, அந்தக் கார்பன் குளுக்கோஸ்ல தென்படுது. அதுக்கு என்ன சொல்ற?"

நல்ல கேள்வி. அடுத்தவள் பதில் பேசவில்லை. ஒரு தாளை இழுத்து நீலப் பேனாவால் நான்கு புள்ளி வைத்தாள். "இது ஆக்சலோஅசிட்டேட், நாலு கார்பன்." சிவப்புப் பேனாவால் பக்கத்தில் இரண்டு புள்ளி. "இது கொழுப்புல இருந்து வந்தது. சேர்ந்தா ஆறு, சிட்ரேட். இப்போ சுழற்சி ஒரு சுற்று முடியறதுக்குள்ள ரெண்டு கார்பன் கார்பன் டை ஆக்சைடா வெளிய போகும்." இரண்டு நீலப் புள்ளிகளை அடித்தாள். "முதல் சுற்றுல போறது பழைய கார்பன்தான். மிச்சம் எத்தனை? நாலு. அதுல ரெண்டு சிவப்பு. இந்த நாலை வெளிய எடுத்தா குளுக்கோஸ்ல சிவப்பு தெரியத்தான் செய்யும். ஆனா நாலோட ஆரம்பிச்சு நாலுலதான் முடிச்சிருக்கோம். அதையும் எடுத்துட்டா அடுத்த சுற்றுக்குச் சட்டியில ஒண்ணும் இல்ல."

முதலாமவள் புள்ளிகளை இரண்டு தரம் எண்ணினாள். "அப்போ அணு போகுது, ஆனா அளவு கூடல."

"அதேதான்."

என் புகார் இங்கேதான் தொடங்குகிறது. இந்த இடத்தில் பாடநூல்கள் எல்லாம் ஒரு சொல்லைக் கவனமாகப் போட்டிருக்கும்: நிகர. கொழுப்பு அமிலத்திலிருந்து குளுக்கோஸின் நிகர ஆக்கம் இல்லை என்பதுதான் அந்த வாக்கியம். வரவையும் செலவையும் கழித்தபின் மிஞ்சுவது என்று கணக்கெழுதுகிற எல்லோருக்கும் தெரிந்த சொல். மொழிபெயர்ப்பவர்கள் அதைத் தேவையற்ற அடைமொழி என்று நினைத்து உதிர்த்துவிடுகிறார்கள். "கொழுப்பு அமிலம் குளுக்கோஸாக மாறாது" என்று மொட்டையாக எழுதிவிடுகிறார்கள். அடையாளக் கார்பன் சோதனையைப் படிக்கிற பிள்ளை, நூல் பொய் சொல்கிறது என்று நினைக்காமல் வேறென்ன நினைக்கும்? 'மாறும்' என்ற வினை இந்தப் பாரத்தைத் தாங்காது. அணு போய்ச் சேர்ந்தாலும் மாறுதல்தான், சரக்கின் அளவு கூடினாலும் மாறுதல்தான். பிரித்துச் சொல்ல 'நிகர' வேண்டும்.

அடுத்த குழப்பம் 'கொழுப்பு' என்ற சொல்லிலேயே இருக்கிறது. கொழுப்பு வேறு, கொழுப்பு அமிலம் வேறு. நம் உடலில் சேரும் கொழுப்பு என்பது ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்தது. கிளிசராலில் மூன்று கார்பன். அது நேராகக் குளுக்கோஸ் பாதையில் ஏறிவிடும். இரண்டு கிளிசரால் சேர்ந்தால் ஒரு குளுக்கோஸ். அப்படியானால் கொழுப்பு குளுக்கோஸ் ஆகும் என்று சொன்னவளும் முழுப்பொய் சொல்லவில்லை. எவ்வளவு ஆகும் என்று பார்க்க, பால்மிடிக் அமிலம் மூன்று கோத்த கொழுப்பை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 51 கார்பன். அதில் கிளிசராலுடையவை 3. மற்ற 48-ம் அமிலங்களுடையவை. எடைக்கணக்கில் 100 கிராம் கொழுப்பிலிருந்து அதிகபட்சம் 11 கிராம் குளுக்கோஸ். மற்றதெல்லாம் எரிந்து ஆற்றலாகும், அல்லது பட்டினியில் மூளையும் எரிக்கக்கூடிய கீட்டோன் பொருளாகும். ஒற்றைப்படைக் கார்பன் உள்ள கொழுப்பு அமிலங்களின் கடைசி மூன்று கார்பன் குளுக்கோஸுக்குப் போகலாம்; நம் கொழுப்பில் அவை மிகக் குறைவு. நெடும் பட்டினியில் கீட்டோன்களிலிருந்து பிரியும் அசிட்டோனிலும் ஒரு சிறு பங்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்கிறது. அந்தச் சிறு சந்துகளை வைத்துக்கொண்டு ஒரு முழுப் பாதைக்கே "கொழுப்பைச் சர்க்கரையாக்கல்" என்று பெயர் வைப்பது நியாயமா?

'சர்க்கரை' மட்டும் சரியா என்றால் அதுவும் இல்லை. வாயில் போடுகிற சர்க்கரை சுக்ரோஸ். நோய்க்கும் அதே பெயர். குளுக்கோஸ் என்று தெளிவாக ஒரு சொல் எல்லோர் வாயிலும் இருக்கும்போது அதைச் சர்க்கரையாக்கினால் தமிழ் வளரவில்லை, துல்லியம்தான் தேய்கிறது. கடைசி எழுத்தை மாற்றி 'குளுக்கோசு' என்று எழுதுவோரோடு எனக்குச் சண்டை இல்லை. நான் குளுக்கோஸ் என்றே எழுதுகிறேன், வாசிக்கிறவர் தடுக்காமல் போவார் என்பதால்.

சரியான சொல்லைத் தேடியவர்கள் 'குளுக்கோஸ் புத்தாக்கம்' என்றும் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். இதை மதிக்கிறேன். மூலச் சொல்லின் வரிசையை அப்படியே பின்பற்றியிருக்கிறார்கள், கொழுப்பையும் உள்ளே விடவில்லை. ஆனால் புத்தாக்கம் என்ற சொல் இன்று வேறு வேலைக்குப் போய்விட்டது. புதுமை காணல், தொழிலில் புது முயற்சி என்ற பொருளில் அது நாள்தோறும் அடிபடுகிறது. இன்னொரு காதுக்கு அது புதுப்பித்தல் போலக் கேட்கிறது. குளுக்கோஸைப் புதுப்பிப்பது என்றால் பழைய குளுக்கோஸ் ஒன்று ஏற்கெனவே இருந்தாக வேண்டும். இந்தச் சொல் மறுக்க வேண்டிய பொருளே அதுதான். புதிது என்ற அடை ஆக்கத்தோடு ஒட்டாமல் குளுக்கோஸோடு ஒட்ட வேண்டும். அதனால் 'புதுக்குளுக்கோஸ் ஆக்கம்' என்பது என் தேர்வு. கொஞ்சம் நீளம். காதால் கேட்டவுடன் பொருள் விளங்கும், ஆகவே நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு மறுப்பும் கேட்டிருக்கிறேன்: "பட்டினியில் கொழுப்பு கரையும்போதுதான் இந்தப் பாதை வேகமாக ஓடுகிறது. பெயரில் கொழுப்பு இருந்தால் என்ன?" வேகமாக ஓடுவது உண்மைதான். பைருவேட்டில் தொடங்கி ஒரு குளுக்கோஸ் செய்ய ஆறு உயர் ஆற்றல் பாஸ்பேட் செலவாகிறது. அந்தச் செலவுக்குக் கொழுப்பு எரிந்து ஈடு கொடுக்கிறது. அதோடு அசிட்டைல் கோ-ஏ பெருகும்போது பைருவேட் கார்பாக்சிலேஸ் என்ற முதல்படி நொதி முடுக்கிவிடப்படுகிறது. ஆனால் அடுப்பில் எரிகிற விறகு சோறாவதில்லை. எரிபொருளையும் மூலப்பொருளையும் ஒரே பெயரில் திணித்துவிட்டு, பிள்ளைகள் குழம்புகிறார்கள் என்று குறைப்பட்டால் எப்படி?

அந்த மேசையில் பேச்சு அத்தோடு முடியவில்லை. "விலங்கு எதனாலயுமே முடியாதா?" என்று முதலாமவள் கேட்டாள். இந்தக் கேள்விக்கும் சொல்லைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். முளைக்கிற ஆமணக்கு விதை தன் எண்ணெயைச் சர்க்கரையாக்குகிறது. கார்பன் வெளியேறும் அந்த இரண்டு படிகளையும் தாண்டிப்போகும் குறுக்குவழி அதனிடம் இருக்கிறது. 1957-இல் கார்ன்பெர்க்கும் கிரெப்ஸும் விளக்கிய கிளையாக்சிலேட் சுழற்சி அது. ஐசோசிட்ரேட் லையேஸ், மாலேட் சின்தேஸ் என்ற இரண்டு நொதிகள் அதற்கு வேண்டும். பாலூட்டிகளிடம் அந்தச் சுழற்சி இல்லை. ஆய்வகங்களில் வளர்க்கும் சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவிடம் அந்த நொதிகள் உண்டு, புழுவும் விலங்குதான். ஆகவே 'விலங்குகளால் முடியாது' என்று எழுதினால் பிழை. 'பாலூட்டிகளால் கொழுப்பு அமிலத்திலிருந்து நிகரமாகக் குளுக்கோஸ் ஆக்க முடியாது. மிகச் சிறிய விலக்குகள் உண்டு' என்று எழுதினால் நிற்கும்.

கிளம்பும்போது அவள் இன்னொன்றும் கேட்டாள். "உடம்புல அவ்வளவு கொழுப்பு இருக்கு. பட்டினி கிடந்தா தசை ஏன் கரையுது?"

"மூளைக்கு ஒரு நாளைக்கு 120 கிராம் கிட்ட குளுக்கோஸ் வேணும்டி. கிளைக்கோஜன் ஒரு நாள்ல தீர்ந்துடும். கிளிசரால் பத்தாது. அப்புறம் புரதத்துல இருந்து அமினோ அமிலம் எடுத்துத்தான் செய்யணும். மூளை கீட்டோனுக்குப் பழகினப்புறம்தான் தசை கரையறது குறையும்."

முதலாமவள் தன் புத்தகத்தைத் திறந்து, "கொழுப்பைச் சர்க்கரையாக்கல்" என்ற தலைப்பில் முதல் சொல்லின் மேல் கோடு கிழித்தாள்.