சந்தா: உணவுப்பெட்டி விளம்பரத்தில் இந்தச் சொல் எதைச் சொல்ல வேண்டும்

சமைப்பதற்கான பொருள்களை அளந்து, செய்முறைத் தாளோடு வாரந்தோறும் வீட்டுக்கு அனுப்பும் உணவுப்பெட்டிச் சேவைகளின் விளம்பரங்களில் 'சப்ஸ்கிரிப்ஷன்' என்ற சொல் தவறாமல் வருகிறது. தமிழில் எழுதுவோர் அதைச் 'சந்தா' என்று மாற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அகராதிப்படி அது சரியே. ஆயினும் தமிழ் வாசகர் 'சந்தா' என்று கேட்டதும் மனத்தில் கொள்ளும் ஏற்பாடும், இந்தப் பெட்டிக்காரர் உண்மையில் செய்துகொள்ளும் ஏற்பாடும் ஒன்றல்ல. விலை, வரும் நாள், நிறுத்தும் முறை ஆகிய மூன்றையும் ஒளிவுமறைவின்றிச் சொல்ல விரும்பும் விளம்பர எழுத்தாளர் முதலில் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. அங்கே அதன் பொருள் 'கீழே எழுதுதல்'. ஓர் ஆவணத்தின் அடியில் பெயரெழுதி அதற்கு உடன்படுவதை அது குறித்தது. நம் 'கையொப்பம்' என்ற சொல்லிலும் 'ஒப்பு' என்ற உடன்பாட்டுப் பொருள் உள்ளே இருப்பதால், இரண்டும் கருத்தில் நெருங்கியவை. அச்சுத் தொழில் வளர்ந்தபோது, நூல் வெளிவருமுன்பே அதை வாங்குவதாக உறுதி கொடுத்தவர்களை இந்தச் சொல் குறிக்கத் தொடங்கியது. 1617-ல் ஜான் மின்ஷ்யூ என்பவர் இலண்டனில் வெளியிட்ட பன்மொழி அகராதி, இவ்வாறு ஆள் சேர்த்து அச்சிடப்பட்ட தொடக்ககால ஆங்கில நூல்களுள் ஒன்று. அப்படி உறுதி கொடுத்தவருக்குத் தாம் வாங்கப்போவது எந்த நூல் என்பது தெரியும். அந்த நூல் கைக்கு வந்ததும் ஏற்பாடு முடிந்துவிடும்.

'சந்தா' வேறு வழியாக வந்தது. பாரசீகத்தில் 'சந்த்' என்றால் 'சில' அல்லது 'எத்தனை'. அதிலிருந்து இந்துஸ்தானியில் 'சந்தா' பிறந்து, பலரிடமிருந்து சிறிது சிறிதாகத் திரட்டும் தொகையைக் குறித்தது. இந்தியில் இன்றும் நன்கொடை வசூலுக்கு அதுவே பெயர். தமிழில் அந்த நன்கொடைப் பொருள் பின்தங்கி, இதழ்களுக்கும் சங்கங்களுக்கும் முன்கூட்டிச் செலுத்தும் கட்டணம் என்ற பொருளே நிலைத்தது. ஆண்டுச் சந்தா, ஆயுள் சந்தா, சந்தாதாரர் என்று ஒரு குடும்பமாகவே சொற்கள் வளர்ந்துவிட்டன. எனவே இதை அயற்சொல் என்று தள்ளிவிட்டு, காணொளித் தளத்தில் இருப்பது போன்ற 'குழுசேர்' என்பதைப் போடுவதை நான் ஏற்கவில்லை. குழுசேர்வதில் பணம் செலுத்தும் பொருள் இல்லை. பணம் போகும் இடத்தில் அதைச் சொல்லாத ஒரு சொல்லை வைப்பது வாசகருக்கு நன்மை செய்யாது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இதழுக்குச் சந்தா கட்டியவருக்கு ஓராண்டு கழித்து, 'தங்கள் சந்தா இவ்விதழுடன் முடிவடைகிறது, புதுப்பிக்க வேண்டுகிறோம்' என்று ஓர் அறிவிப்பு வரும். அவர் ஒன்றும் செய்யாவிட்டால் இதழ் நின்றுவிடும். உணவுப்பெட்டியில் நிலைமை தலைகீழ். அவர் ஒன்றும் செய்யாவிட்டால் பெட்டி வந்துகொண்டே இருக்கும், பணமும் போய்க்கொண்டே இருக்கும். பழைய சந்தாவில் மௌனத்துக்குப் பொருள் 'வேண்டாம்' என்பது. புதிய சந்தாவில் அதே மௌனத்துக்கு 'வேண்டும்' என்று பொருள் கொள்ளப்படுகிறது. இந்த முறையின் முன்னோடி இருபதாம் நூற்றாண்டின் புத்தகக் கழகங்கள். குறித்த நாளுக்குள் 'அனுப்ப வேண்டாம்' என்று அட்டை எழுதாத உறுப்பினருக்கு நூலும் விலைச்சீட்டும் வந்து சேரும். அந்தக் கழகங்கள் நிபந்தனைகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1973-ல் விதி வகுத்தது. சுவீடனில் 2007-ல் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய உணவுப்பெட்டித் தொழில் அதே முறையை எடுத்துக்கொண்டது. ஆகவே தமிழில் இதைத் 'தொடர் சந்தா' என்று அடைமொழியோடு எழுதுவதே முறை என்பது என் கருத்து. அந்த அடைமொழியும் தனியே போதாது. முதல் முறை வருமிடத்தில், 'நீங்கள் நிறுத்தச் சொல்லும் வரை ஒவ்வொரு வாரமும் பணம் எடுக்கப்படும்' என்ற முழு வாக்கியம் அதன் பக்கத்திலேயே வர வேண்டும்.

இனி விலையை எடுத்துக்கொள்வோம். விளம்பரங்கள் பெரும்பாலும் ஓர் ஆளின் ஒரு வேளைப் பங்குக்கு எவ்வளவு என்ற கணக்கில் பேசுகின்றன. அந்த எண் சிறியதாக இருப்பதே காரணம். நாணயத்தை ஒதுக்கிவிட்டு வெறும் எண்களால் பார்க்கலாம். இரண்டு பேருக்கு மூன்று வேளை என்றால் ஆறு பங்குகள். பங்குக்கு 9 வீதம் பெட்டியின் விலை 54. கொண்டுவந்து தருவதற்கு 10 சேர்த்தால் வாரம் 64. முதல் பெட்டிக்குப் பாதி விலை என்ற சலுகை வழக்கம் போலப் பொருளுக்கு மட்டும் பொருந்துமானால், முதல் வாரம் 27-உம் 10-உம் சேர்ந்து 37 ஆகிறது. விளம்பரம் 'ஒரு வேளை 4.50 மட்டுமே' என்று சொன்னால், அது பாதி விலையில் வரும் 27-ஐ ஆறால் வகுத்து, கொண்டுவரும் கட்டணத்தை விட்டுவிட்ட எண். இரண்டாம் வாரம் முதல் அதே வாடிக்கையாளர் உண்மையில் கொடுப்பது பங்குக்கு ஏறத்தாழ 10.67. சொல்லப்பட்ட எண்ணைவிட அது இரு மடங்குக்கும் மேல். 4.50 என்பது கணக்கில் பொய்யில்லை. எனினும் அந்த எண் அவருடைய அட்டையிலிருந்து எந்த வாரமும் எடுக்கப்படுவதில்லை. விளம்பரத்தில் சொல்ல வேண்டிய விலை, வங்கிக் குறுஞ்செய்தியில் வரப்போகும் தொகையே.

இந்த ஏற்பாட்டில் மிக முக்கியமானதும் விளம்பரங்களில் மிகக் குறைவாகச் சொல்லப்படுவதும் மாற்றத்துக்கான கடைசி நேரம். தொழிலில் இதைக் 'கட் ஆஃப்' என்பார்கள். தமிழில் இதற்குக் 'கெடு' என்ற நல்ல சொல் வழக்கிலேயே இருக்கிறது. கெடு வைப்பது வஞ்சகமன்று. எத்தனை பெட்டி என்று தெரிந்த பிறகே காய்கறியும் இறைச்சியும் கொள்முதல் செய்யப்படுகின்றன. பிறகு அவற்றை அளந்து, குளிர்காப்புப் பெட்டியில் அடுக்கி, ஊர் ஊராக அனுப்ப வேண்டும். கெட்டுப்போகும் பொருள் என்பதால் திருப்பி எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஐந்து நாள் முன்னதாக எண்ணிக்கையை உறுதி செய்வதில் நியாயம் உண்டு. அதை வாடிக்கையாளரிடம் சொல்லாமல், 'எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்' என்று மட்டும் சொல்வதில்தான் நியாயம் இல்லை.

ஒருவரின் நாட்காட்டியை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். மாதம் ஞாயிற்றுக்கிழமை பிறக்கிறது என்று கொள்வோம். பெட்டி வரும் நாள் வியாழன்; கெடு அதற்கு முந்தைய சனி நள்ளிரவு; பணம் எடுக்கும் நாள் ஞாயிறு. அவர் 3-ம் தேதி செவ்வாயன்று பாதி விலைச் சலுகையில் சேர்ந்து 37 செலுத்துகிறார். முதல் பெட்டி 12-ம் தேதி வியாழன் மாலை வருகிறது. வெள்ளிக்கிழமை இரவு முதல் உணவைச் சமைக்கிறார், சனியன்று இரண்டாவதைச் சமைக்கிறார். மூன்றாவது பொட்டலம் இன்னும் குளிர்பெட்டியில் இருக்கிறது. 15-ம் தேதி ஞாயிறு காலை, இது நமக்கு ஒத்துவரவில்லை என்று முடிவு செய்து கணக்கைத் திறந்தால், 64 ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கிறது. 19-ம் தேதிப் பெட்டிக்கான கெடு முந்தைய இரவே முடிந்துவிட்டது. முதல் பெட்டியைப் பார்த்து முடிவெடுக்க அவருக்குக் கிடைத்தவை இரண்டே நாள்கள். கெடு எட்டு நாள் முன்னதாக வைக்கப்பட்டிருந்தால் அது 11-ம் தேதியாகும். அதாவது முதல் பெட்டி வீட்டுக்கு வருமுன்பே இரண்டாவது உறுதியாகியிருக்கும். ஒரு சேவையை மதிப்பிட விரும்புகிறவர் விலையைக் கேட்பதற்கு முன், முதல் பெட்டி வரும் நாளுக்கும் அடுத்த பெட்டியின் கெடுவுக்கும் உள்ள இடைவெளியைக் கேட்பது நல்லது.

'ரத்து' என்ற சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். மறுத்தல், திருப்புதல் என்ற பொருளுடைய அரபுச் சொல் உருது வழியாகத் தமிழுக்கு வந்து, பயணச்சீட்டு முதல் ஆணை வரை எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது. உணவுப்பெட்டியில் வாடிக்கையாளர் செய்யக்கூடியவை மூன்று. ஒரு வாரத்துப் பெட்டியை மட்டும் வேண்டாம் எனலாம், சில வாரங்களுக்குச் சந்தாவை நிறுத்திவைக்கலாம், சந்தாவையே முடித்துக்கொள்ளலாம். மூன்றுக்கும் 'ரத்து' என்றே எழுதினால், ஒரு வாரப் பெட்டியை ரத்து செய்தவர் சந்தாவே முடிந்ததென்று நம்பிவிடுவார். அடுத்த ஞாயிறு பணம் போன பிறகே உண்மை தெரியும். ஆகையால் முதலாவதைத் 'தவிர்த்தல்' என்றும், இரண்டாவதை 'நிறுத்திவைத்தல்' என்றும், மூன்றாவதைச் 'சந்தாவை முடித்தல்' என்றும் வேறு வேறு வினைகளால் சொல்வது பாதுகாப்பானது. எந்த வினையை எழுதினாலும் எதை என்ற செயப்படுபொருளை விடக் கூடாது. ஜெர்மனியில் 2022 ஜூலை முதல், இணையத்தில் இத்தகைய தொடர் ஒப்பந்தங்களை விற்போர் அவற்றை முடிப்பதற்கு எளிதில் படிக்கத்தக்க தனிப் பொத்தானை வைக்க வேண்டும் என்பது சட்டம். பொத்தானின் மேல் இருக்கும் சொல் ஐயத்துக்கு இடமில்லாததாக இருக்க வேண்டும் என்பதையும் அந்தச் சட்டமே சொல்கிறது.

இவை அனைத்தையும் கொண்டு மேலே கண்ட எண்களுக்கு ஒரு விளம்பர உரை எழுதினால் இவ்வாறு அமையும்:

"இரண்டு பேருக்கு, வாரம் மூன்று வேளை சமைக்க ஒரு பெட்டி. கொண்டுவந்து தரும் கட்டணம் சேர்த்து வாரத்துக்கு 64. முதல் பெட்டி மட்டும் 37. வியாழன்தோறும் வரும். இது தொடர் சந்தா: நீங்கள் முடிக்கும் வரை ஞாயிறுதோறும் பணம் எடுப்போம். ஒரு வாரம் தவிர்க்கவோ சந்தாவை முடிக்கவோ, பெட்டி வருவதற்கு முந்தைய சனி இரவுக்குள் உங்கள் கணக்குப் பக்கத்தில் சொல்லுங்கள். அதற்குப் பின் சொன்னால் அந்த வியாழன் பெட்டி வரும், அதற்கடுத்தது வராது. முதல் பெட்டி வந்த பின் முடிவெடுக்க உங்களுக்கு இரண்டு நாள் உண்டு."

நிதானமாகப் படித்தால் இதற்கு முக்கால் நிமிடம் பிடிக்கும். அரை நிமிடமே கிடைக்குமானால் விளம்பர எழுத்தாளர் முதலில் வெட்ட நினைப்பது கடைசி மூன்று வாக்கியங்களையே. அவற்றை வைத்துக்கொண்டு, உணவின் சுவையைப் பற்றி வழக்கமாக வரும் வரிகளைக் குறைக்க வேண்டும்; சுவையைத் திரையில் ஓடும் காட்சியே காட்டிவிடும், சனி இரவு என்ற கெடுவை எந்தக் காட்சியாலும் காட்ட முடியாது. அந்தக் கெடுவைத் திரையின் அடியில் பொடி எழுத்தில் ஓடவிடுவதும் ஈடாகாது. விலை குரலில் சொல்லப்பட்டால் கெடுவும் அதே குரலில், அதே வேகத்தில் சொல்லப்பட வேண்டும்.