“செகண்டுக்கு எவ்வளவு?” என்று கேட்டதும் விலை சொல்லிவிடாதீர்கள்

தக்கலையிலிருந்து ஒரு தம்பி போன வாரம் கணக்கோடு வந்தார். நன்றாக வரைபவர். மார்த்தாண்டம் பக்கம் தேன் விற்கும் ஒருவருக்கு 30 செகண்ட் 2டி அனிமேஷன் விளம்பரம் செய்து தர, செகண்டுக்கு 600 ரூபாய் வீதம் 18,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒரு நாளைக்கு மூன்று செகண்ட், ஆக பத்து நாள் என்பது அவர் போட்ட கணக்கு. ஒரு மாதம் தாண்டியும் வேலை முடியவில்லை. நாகர்கோவிலில் என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு ஆற்றாமையாக இருக்கிறது.

செகண்ட் ரேட் என்பது கணக்கின் கடைசியில் வரவேண்டிய எண். முதலில் மணிநேரங்களைக் கூட்ட வேண்டும், அதை உங்கள் மணிக்கூலியால் பெருக்க வேண்டும், அப்புறம்தான் செகண்டுகளால் வகுக்க வேண்டும். யாரோ யூடியூபில் சொன்ன ரேட்டிலிருந்து தொடங்கினால், உங்கள் வேலைக்கும் அந்த விலைக்கும் ஒரு தொடர்பும் இருக்காது.

அந்தத் தம்பியின் விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு கேரக்டர்கூட அசைவதற்கு முன்னால் ஸ்டோரிபோர்டு, அதை நேரக் கணக்கோடு ஓட்டிப் பார்க்கும் அனிமேட்டிக், கேரக்டர் டிசைன், கேரக்டரின் கை கால்களை அசைக்க எலும்புக்கூடு மாதிரி பூட்டும் ரிக், ரப்பர் தோட்டப் பின்னணிகள் எல்லாம் இருக்கின்றன. உட்கார்ந்து கூட்டினோம்: 54 மணி நேரம். அவருடைய பத்து நாள் கணக்கில் இதில் ஒரு மணிகூட இல்லை.

அனிமேஷனிலும் எல்லாச் செகண்டும் ஒன்றல்ல. ரிக் செய்த அப்பாவும் மகளும் நடந்து பேசுவது 12 செகண்ட். செகண்டுக்கு இரண்டரை மணி, மொத்தம் 30 மணி. தேனீ பறப்பதும் கேமரா நகர்வதும் 10 செகண்ட். சிறகடிப்பை லூப் போட்டுவிடலாம் என்பதால் 10 மணி போதும். லோகோ 2 செகண்ட், 2 மணி. மீதி 6 செகண்டில்தான் ஆள் மாட்டியிருக்கிறார். தேன் எடுக்கும்போது பயன்படுத்தும் புகைப்பானிலிருந்து புகை சுருள்வதும் பாட்டிலில் தேன் வழிவதும் கையால் வரைய வேண்டியவை. செகண்டுக்கு 24 பிரேம் என்பதால், ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் செகண்டுக்கு 12 படம், 6 செகண்டுக்கு 72 படம். ரஃப், கிளீனப், கலர் எல்லாம் சேர்த்துப் படத்துக்கு அரை மணி என்றால் 36 மணி. ஐந்தில் ஒரு பங்கு நீளம் அனிமேஷன் நேரத்தில் கிட்டத்தட்டப் பாதியைத் தின்றுவிட்டது.

அனிமேஷன் 78 மணி, கம்போசிட்டிங்கும் சவுண்டும் ரெண்டரும் 10 மணி, முன்வேலை 54. மொத்தம் 142. திருத்தங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் சுமார் 170 மணி. 18,000 ரூபாயை அதால் வகுத்தால் மணிக்கு 106 ரூபாய்கூட வரவில்லை.

மணிக்கூலியும் இப்படித்தான். மாதத்துக்கு வீட்டுக்கு 30,000, கரண்ட், இன்டர்நெட், சாஃப்ட்வேர், டேப்லெட் தேய்மானம் என்று 7,500 வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் போன், மெயில், பணம் கேட்டு அலைவது போக ஐந்து மணிதான் வேலை நடக்கும். மாதம் 25 நாள் என்றால் 125 மணி. மணிக்கு 300 ரூபாய். 170 மணிக்கு 51,000. செகண்டுக்கு 1,700.

அடுத்தது எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது. “தம்பி, 15 செகண்டாக் குறைச்சிருவோம், காசும் பாதிதானே?” என்பார்கள். நம் பிள்ளைகளும் தலையாட்டிவிடுவார்கள். அதே கேரக்டர்கள், அதே தோட்டம், அதே ரிக் வேண்டும் என்றால் முன்வேலையின் 54 மணி குறையாது. கடைசி 10 மணியும் பெரிதாகக் குறையாது. அனிமேஷன் மட்டும் 39 ஆகும். திருத்தத்தோடு சுமார் 124 மணி, 37,200 ரூபாய். செகண்டுக்குப் பார்த்தால் 2,480. நீளம் குறைந்தால் செகண்ட் ரேட் ஏறத்தான் செய்யும். இதைக் கணக்கோடு காட்டினால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். முன்வேலைக்குத் தனி விலையும் அனிமேஷனுக்குச் செகண்ட் ரேட்டும் என்று கொட்டேஷனையே பிரித்து எழுதிவிட்டால் இந்தப் பேச்சே வராது.

படத்துக்கு அரை மணி என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஊகிக்காதீர்கள். ஸ்டோரிபோர்டில் மிகக் கடினமான ஷாட்டில் இரண்டு செகண்டை முழுமையாக, கலர் வரைக்கும், முடித்துப் பாருங்கள். டைமரை ஓட விடுங்கள். சுலபமான ஷாட்டில் சோதிப்பது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது. ரஃபை மட்டும் முடித்துவிட்டு நேரத்தைக் குறிப்பதும் அப்படித்தான். கிளீனப் பல சமயம் ரஃபைவிட அதிக நேரம் கேட்கும்.

ஸ்டோரிபோர்டு வருமுன் விலை கேட்டால், அதற்கு மட்டும் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு வரைந்து, அதைப் பார்த்து மீதிக்கு விலை சொல்லுங்கள். அனிமேட்டிக்குக்கு வாட்ஸ்அப்பில் “ஓகே” என்று எழுத்தில் வாங்காமல் அடுத்த படம் வரையாதீர்கள். அதன்பின் ஷாட்டை மாற்றினால் மணிக்கூலி தனி என்று கொட்டேஷனிலேயே எழுதுங்கள். இந்தத் தம்பியின் வாடிக்கையாளர், மகள் கேரக்டர் நடப்பதை அனிமேட் செய்து முடித்தபிறகு பாவாடையைச் சுரிதாராக மாற்றச் சொல்லியிருக்கிறார். ரிக்கில் உடையும் சேர்ந்தே இருக்கிறது. கால் அசைவு முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லாததால் அதையும் இப்போது சும்மா செய்துகொண்டிருக்கிறார்.

பட்ஜெட் நிஜமாகவே 18,000தான் என்றால் வேலையை மறுக்க வேண்டியதில்லை. புகையையும் தேன் வழிவதையும் ரெண்டு ஸ்டில் படமாக்கி கேமராவை நகர்த்துங்கள், ரிக் ஒன்றோடு நிறுத்துங்கள், பின்னணிகளைக் குறையுங்கள். அந்தப் பணத்துக்கு 60 மணி நேரம் வரும். அதற்குள் என்ன அடங்குமோ அதை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.