முகம் மாறாமல் ஓவியமாகும் உருவப்படம்

ஒரு புகைப்படத்தை நீர்வண்ண ஓவியமாக மாற்றித் தரும்படி கேட்கும்போது, படங்களை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் அந்தப் படத்தின் மேல் வண்ணம் பூசுவதில்லை. படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிய எண்தொகுதியாக்கி, அதன் மீது ஒழுங்கற்ற எண்களாலான இரைச்சலைத் தூவி, பின்னர் நாம் எழுதிய விவரணைக்குப் பொருந்தும் வகையில் அந்த இரைச்சலைப் படிப்படியாக நீக்குகிறது. எவ்வளவு இரைச்சல் தூவுவது என்பதை `Denoising strength` என்னும் அளவு தீர்மானிக்கிறது.

படிகளின் எண்ணிக்கை 30, இந்த அளவு 0.3 என்று வைத்தால், கடைசி 9 படிகள் மட்டுமே நடக்கும். முகம் தப்பிப்பதற்கு இதுவே காரணம். இரைச்சல் மிகுந்த தொடக்கப் படிகளில்தான் தலையின் சாய்வு, கண்களின் இடைவெளி, தாடையின் வடிவம் ஆகியவை முடிவாகின்றன. தோலின் தன்மை, தூரிகைத் தடம், விளிம்பின் மென்மை போன்றவை கடைசிப் படிகளில் அமைகின்றன. ஆனால் 0.3 என்பது முப்பது விழுக்காடு மாற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. 1.5 பதிப்பின் கணக்குப்படி, அந்த அளவிலேயே மூலப்படம் ஏறத்தாழ 0.77 ஆலும் இரைச்சல் 0.64 ஆலும் பெருக்கப்பட்டுக் கலக்கின்றன, 0.5 இல் அவை 0.53, 0.85 என்று தலைகீழாகிவிடுகின்றன.

மூக்குத்தி அணிந்த ஒரு மூதாட்டியின் மார்பளவுப் படத்தை எடுத்துக்கொள்வோம். 0.3 இல் சுருக்கங்கள் தூரிகைக் கோடுகளாகின்றன, ஆள் அவரேதான். 0.5 ஐ நெருங்கும்போது மூக்குத்தி ஒரு வெளிர்புள்ளியாகக் கரைகிறது, இமைமடிப்பு சீராகிறது, வயது குறைகிறது. விவரணையில் முதுமையும் மூக்குத்தியும் குறிப்பிடப்படாவிட்டால் இந்த நழுவல் இன்னும் விரைவாக நேரும். தூவப்படும் இரைச்சலைத் தீர்மானிக்கும் விதை எண்ணை மாற்றாமல் வெவ்வேறு அளவுகளில் படங்களை உருவாக்கி, ஒவ்வொன்றையும் மூலத்தின் மேல் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தால், உதட்டோரமும் இமையும் எந்த அளவில் இடம்பெயரத் தொடங்குகின்றன என்பது கண்ணுக்குத் தெரியும்.

முகம் படத்தில் சிறியதாக இருந்தால் அளவைக் குறைத்தும் பயனில்லை. 64 பிக்சல் அகலமுள்ள முகம் சுருங்கிய வடிவில் எட்டே கட்ட அகலத்தில் அடங்குகிறது. சுருக்கி விரிக்கும்போதே கண்கள் குழம்பிவிடுகின்றன. முகப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கி, அதைத் தனியாக மாற்றி மீண்டும் பொருத்துவதே சரியான வழி.

குறைந்த அளவின் மற்றொரு எல்லையைப் பலர் கவனிப்பதில்லை. பரந்த நிறமும் ஒளியும் இரைச்சலுக்கு அடியிலும் நிலைத்திருப்பதால், நீலப் பின்னணியைக் காவி நிறமாக்கும்படி எவ்வளவு விரிவாக எழுதினாலும் 0.3 இல் அது பெரும்பாலும் நீலமாகவே இருக்கும். அதற்காக 0.6 வரை உயர்த்துவோர் முகத்தை இழக்கிறார்கள். அதைவிட, ஏதாவது ஒரு படத்திருத்தச் செயலியில் மூலப்படத்தின் பின்னணிக்குக் காவியைக் கரடுமுரடாகப் பூசி, முகத்திலும் அந்தச் சாயலைச் சிறிது ஏற்றிய பிறகு 0.3 இல் ஓட்டுவது நல்லது. அந்த ஒன்பது படிகள் நம் பூச்சின் கரடுமுரடான விளிம்புகளைத் தூரிகைத் தடங்களாக இழைத்துவிடும்.