அப்பாவுக்கு ரத்தம் கம்மி என்றால் வயிற்றுக்குள் ஏன் பார்க்கிறார்கள்?

ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருடைய அப்பாவுக்கு 63 வயது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போயிருக்கிறார், ஹீமோகுளோபின் 9 வந்திருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு மாதத்தில் 11.5க்கு ஏறிவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி. மாத்திரையை நிறுத்தி நாலைந்து மாதம் கழித்துப் பார்த்தால் மறுபடி 9. இப்போது வேறொரு டாக்டர், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லி, அது 6 என்று வந்ததும், வாய் வழியாக ஒன்று, ஆசனவாய் வழியாக ஒன்று என்று இரண்டு எண்டோஸ்கோபியும் செய்யச் சொல்கிறார். "வயிற்று வலி இல்லை, மலத்தில் ரத்தம் இல்லை, நன்றாகத்தான் சாப்பிடுகிறார். மாத்திரையில் ஏறுகிற ரத்தத்துக்கு எதற்கு குழாய் விட்டுப் பார்க்க வேண்டும்? பணம் பிடுங்குகிறார்களா?" இதுதான் கேள்வி.

இல்லை. அந்த டாக்டர் சரியாகத்தான் சொல்கிறார். ஏன் என்பதற்கு நம்பிக்கையெல்லாம் தேவையில்லை, ஒரு கூட்டல் கழித்தல் கணக்கு போதும்.

இரும்பைப் பொறுத்தவரை நம் உடம்பு ஒரு மகா கஞ்சக் குடும்பம். வளர்ந்த ஓர் ஆணின் உடம்பில் மொத்தமே 4 கிராம் அளவுக்குத்தான் இரும்பு இருக்கிறது. அதில் பெரும்பகுதி ரத்த சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபினாக, ஒரு கிராம் அளவுக்கு கல்லீரலிலும் மற்ற இடங்களிலும் சேமிப்பாக. சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். ஆயுள் முடிந்த அணுக்களை மண்ணீரலில் இருக்கும் விழுங்கு செல்கள் பிரித்து, உள்ளே இருக்கும் இரும்பை எடுத்து, எலும்பு மஜ்ஜைக்குத் திருப்பி அனுப்புகின்றன, அங்கே புது அணு தயாராகிறது. இப்படி ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் சுற்றிச் சுற்றி வருகிறது. வெளியிலிருந்து, அதாவது சாப்பாட்டிலிருந்து, உள்ளே வருவது வெறும் ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதற்கு அடுத்ததுதான். உப்பு அதிகமானால் சிறுநீரகம் வெளியே தள்ளும், தண்ணீர் அதிகமானாலும் தள்ளும். இரும்புக்கு மட்டும் அப்படி ஒரு வெளியேற்றும் வழியே கிடையாது. 1937இல் இங்கிலாந்தில் மெக்கன்ஸ், விடோசன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சொன்னார்கள். சிவப்பணு அளவுக்கு மீறி உற்பத்தியாகும் நோய் ஒன்று உண்டு. அதற்கு அந்தக் காலத்தில் அணுக்களை உடைக்கும் ஒரு மருந்து கொடுப்பார்கள். அத்தனை அணு உடைந்தால் அதிலிருந்த இரும்பு மலத்திலோ சிறுநீரிலோ வந்தாக வேண்டுமே என்று தேடினால், வரவில்லை. உடம்பு அதை உள்ளேயே வைத்துக்கொண்டது. உள்ளே வருவதைக் கட்டுப்படுத்தித்தான் உடம்பு இரும்பின் அளவைக் காக்கிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

அந்த வாசலை யார் காக்கிறார்கள் என்பது தெரிய இன்னும் அறுபது வருடத்துக்கு மேல் ஆனது. இரைப்பையைத் தாண்டியதும் வருகிற சிறுகுடலின் முதல் பகுதியில்தான் இரும்பு பெரும்பாலும் உறிஞ்சப்படுகிறது. அங்குள்ள செல் சாப்பாட்டிலிருந்து இரும்பை எடுத்துக்கொள்ளும், ஆனால் அது ரத்தத்துக்குள் போக வேண்டுமானால் செல்லின் மறுபக்கத்தில் இருக்கும் ஃபெரோபோர்ட்டின் என்ற புரதக் கதவு வழியாகத்தான் போக வேண்டும். சேமிப்பு நிறைய இருந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற சின்ன ஹார்மோனைச் சுரக்கிறது. அது போய் அந்தக் கதவில் ஒட்டிக்கொள்ள, செல் கதவையே உள்ளிழுத்து அழித்துவிடுகிறது. எடுத்த இரும்பு செல்லுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அந்தச் செல்லின் ஆயுளோ சில நாட்கள்தான், உதிர்ந்து மலத்தோடு போய்விடும், இரும்பும் அதோடு போகும். சேமிப்பு குறைந்தால் ஹெப்சிடின் அடங்கிவிடும், கதவுகள் திறந்துகொள்ளும், அதே சாப்பாட்டிலிருந்து வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இரும்பு உள்ளே வரும். ஒரு குட்டிப் புரதம் கல்லீரலிலிருந்து கிளம்பிப் போய் குடலுக்கு "போதும்" என்று சொல்கிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இப்போது வாசகரின் அப்பாவுக்கு வருவோம். 14ஆக இருந்த ஹீமோகுளோபின் 9 ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம், அதாவது 50 டெசிலிட்டர். டெசிலிட்டருக்கு 5 கிராம் குறைந்தால் மொத்தம் 250 கிராம் ஹீமோகுளோபின் போயிருக்கிறது. ஒரு கிராமில் 3.4 மில்லிகிராம் இரும்பு, ஆக 850 மில்லிகிராம். ஃபெர்ரிட்டின் 6 என்றால் சேமிப்பும் காலி, அது ஓர் ஆயிரம். மொத்தம் 1,800 மில்லிகிராமுக்கு மேல் காணாமல் போயிருக்கிறது.

தோல் உதிர்வதிலும் குடல் செல் உதிர்வதிலும் ஓர் ஆண் இயல்பாக இழப்பது ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராம். அவர் சாப்பாட்டிலிருந்து ஒரு துளி இரும்புகூடச் சேராமல் இருந்தாலும் 1,800 மில்லிகிராம் தீர ஐந்து வருடம் ஆகும். சோறு, பருப்பு, மீன், கீரை என்று மூன்று வேளையும் சாப்பிடுகிறவருக்கு, அதிலும் பற்றாக்குறை வந்ததும் கதவுகளை அகலத் திறந்துகொள்ளும் ஓர் உடம்புக்கு, சாப்பாடு சரியில்லை என்பதால் மட்டும் இந்தப் பள்ளம் விழுவது மிகவும் அரிது. எங்கேயோ ஒழுகுகிறது, அல்லது அந்த முதல் சிறுகுடலில் உறிஞ்சுவதே நடக்கவில்லை. இரண்டுக்குமே விடை பெரும்பாலும் குடலில்தான் இருக்கிறது.

மாதவிடாய் வருகிற பெண்களுக்கு இந்தக் கணக்கு வேறு. மாதம் 30, 40 மில்லி ரத்தம் போனாலே கூடுதலாக 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு செலவு, பிரசவங்கள் வேறு. அங்கே காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. மாதவிடாய் நின்ற பிறகு அம்மாவின் கணக்கும் அப்பாவின் கணக்கும் ஒன்றுதான். "பொம்பளைங்கன்னா ரத்தம் கம்மியாத்தான் இருக்கும்" என்று 60 வயது அம்மாவையும் விட்டுவிடுகிறார்களே, அதில் எனக்குக் கோபமே உண்டு.

சரி, ஒழுகினால் தெரியாதா? தெரியாது. ஒரு மில்லி ரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. தினமும் இரண்டு டீஸ்பூன், 10 மில்லி, போனால் 5 மில்லிகிராம் இழப்பு. இயல்பான இழப்பையும் சேர்த்தால் 6. கதவெல்லாம் திறந்து உள்ளே வருவது 3 என்று வைத்தால், நாளுக்கு 3 மில்லிகிராம் துண்டு விழும். 1,800ஐ 3ஆல் வகுத்தால் 600 நாள். ஒன்றரை வருடத்துக்கு மேல் மெதுவாகக் குறைவதால் உடம்பு பழகிக்கொள்கிறது, "வயசாயிடுச்சு, அதான் அசதி" என்று நாமும் பழகிக்கொள்கிறோம். மலம் தார் மாதிரி கறுப்பாக வேண்டுமானால் இரைப்பைப் பக்கத்தில் குறைந்தது 50 மில்லியாவது ஒரே சமயத்தில் கசிய வேண்டும். 10 மில்லியெல்லாம் கண்ணுக்குப் படாது.

இதில் மோசமான இடம் பெருங்குடலின் தொடக்கம், வலது அடிவயிற்றில் குடல்வால் ஒட்டியிருக்கும் அந்தப் பை போன்ற பகுதி. அங்கே குடல் அகலமானது, மலம் இன்னும் குழம்பு பதத்தில்தான் இருக்கும். ஒரு கட்டி வளர்ந்தாலும் நீண்ட நாள் அடைக்காது, வலிக்காது, மலச்சிக்கல் வராது. மேற்பரப்பு உராய்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, மீதி ஒன்றரை மீட்டர் குடலைக் கடப்பதற்குள் ரத்தம் மலத்தோடு கலந்துவிடும். இரும்பை உறிஞ்சும் பகுதியோ மிக முன்னால் இருக்கிறது, அதனால் இங்கே சிந்திய இரும்பில் துளியும் திரும்பக் கிடைக்காது. ரத்தசோகைதான் இந்தக் கட்டியின் முதல் அறிகுறி, பல சமயம் ஒரே அறிகுறி.

இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்த ஆண்களையும் மாதவிடாய் நின்ற பெண்களையும் இப்படிச் சோதித்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், நூற்றில் சுமார் 9 பேருக்குப் பெருங்குடல் பக்கமும் 2 பேருக்கு மேல்பக்கமும் புற்றுநோய் இருந்திருக்கிறது. மற்றவர்களில் பலருக்குப் புண், மூட்டு வலி மாத்திரையாலோ ஆஸ்பிரினாலோ வந்த அரிப்பு, ரத்தக் குழாய் முடிச்சு, கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் என்று வேறு காரணங்கள். செருப்பில்லாமல் வயலில் நடக்கும் ஊர்களில் கொக்கிப்புழுவும் உண்டு, அதற்கு மலப் பரிசோதனை போதும்.

"மாத்திரையில் ஏறியதே?" ஏறும். 100 மில்லிகிராம் இரும்பில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போனாலும் 10 மில்லிகிராம், அது தினசரி ஒழுகலைவிட அதிகம். அதனால் ஓட்டை அப்படியே இருக்க ஹீமோகுளோபின் ஏறுகிறது, நிறுத்தியதும் இறங்குகிறது. பீட்ரூட் ஜூஸுக்கும் பேரீச்சைக்கும் ஏறாமல் போவது பரவாயில்லை, மாத்திரைக்கு நன்றாக ஏறிவிடுவதுதான் பல குடும்பங்களை ஒரு வருடம் தாமதிக்க வைக்கிறது. மாத்திரை வேண்டாம் என்று சொல்லவில்லை, தேடுவதும் கூடவே நடக்க வேண்டும்.

தேடுவதற்கு முன் அது இரும்புச்சத்துக் குறைவுதானா என்று உறுதி செய்ய வேண்டும். இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறிதாகிவிடும், ஆனால் அணு சிறிதாக இருப்பது தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயைக் கடத்துபவர்களிடமும் உண்டு, அவர்களுக்கு ஃபெர்ரிட்டின் குறையாது. ரத்தசோகையோடு ஃபெர்ரிட்டின் 45க்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று எடுத்துக்கொள்ள அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவச் சங்கம் 2020இல் சொன்னது. உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெர்ரிட்டின் பொய்யாக உயரும் என்பதால்தான் இவ்வளவு தாராளமான எல்லை. அப்பாவின் 6இல் சந்தேகத்துக்கே இடமில்லை. முகாம்களில் ஹீமோகுளோபினோடு நிறுத்திவிடுகிறோம், வயதானவர்களுக்காவது ஃபெர்ரிட்டினையும் சேர்க்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

சோதனைக்குப் போகும்போது இரண்டு விஷயம். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் கறுத்த பிசுபிசுப்பான மலம் குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு மறைக்கும். அப்புறம், மேலே ஒரு சின்னப் புண் கிடைத்துவிட்டது, அல்லது ஏற்கெனவே மூலம் இருக்கிறது என்று கீழே பார்க்காமல் விடக்கூடாது, இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகச் செய்யும் சோதனையின் அறிக்கையில், பெருங்குடலின் கடைசி வரை போனார்களா என்று பாருங்கள். குடல்வாலின் வாய் தெரிந்தது என்று எழுதி, படமும் வைத்திருந்தால் போனார்கள் என்று அர்த்தம். குடல் சுத்தமாக இல்லாததால் பாதியில் திரும்பியிருந்தால், ரத்தசோகையில் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடத்தையே பார்க்கவில்லை என்று பொருள், மறுபடி செய்யத்தான் வேண்டும். மேலே பார்க்கும்போது சிறுகுடலிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்தோ ரத்தப் பரிசோதனையிலோ சீலியாக்கையும் பார்த்துவிடலாம்.

இரண்டிலும் ஒன்றுமில்லை என்றால் இரும்பு கொடுத்து சேமிப்பு நிறையும் வரை தொடர்ந்துவிட்டு, நிறுத்தியபின் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பார்கள். பலருக்கு அதோடு சரியாகிவிடுகிறது. மறுபடி இறங்கினால் நடுவில் விடுபட்ட சிறுகுடலைப் பார்க்க கேமரா வைத்த மாத்திரை ஒன்றை விழுங்கச் சொல்வார்கள். அது உள்ளே நகர்ந்தபடியே பல மணி நேரம் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கும்.