பேச்சு யார் பக்கம் திரும்புகிறது?

ஒருத்தி தோழிக்கு போன் செய்து, "அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிஞ்சுதுடி" என்கிறாள். "அப்படியா, பார்வை தெளிஞ்சிடுச்சா?" என்று தோழி கேட்டால் பேச்சு அம்மாவிடமே நிற்கும். "எங்க அப்பாவுக்கும் போன வருஷம் பண்ணினோம், நான்தான் பத்து நாள் லீவு போட்டேன்" என்றால் தோழியின் பக்கம் சாயும். அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் டெர்பர் 1979-இல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். முன்னது தாங்கும் பதில், பின்னது திருப்பும் பதில்.

பேச்சைப் பிடுங்காமலும் அதைத் தன் பக்கம் கொண்டுபோகலாம் என்பதையும் அவர் கவனித்தார். "ம்", "அப்புறம்?" என்பவை வரவில்லை என்றால் சொல்பவருக்கே சுருதி இறங்கிவிடும். பேச்சு தானாக அணைந்ததும் மற்றவர் தன் கதையைத் தொடங்கிவிடுவார். இப்படி நடக்கும்போது, நம் கதைதான் சுவாரசியமில்லை போலிருக்கிறது என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

இதில் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. ஹார்வர்டைச் சேர்ந்த டயானா தமீரும் ஜேசன் மிட்செலும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைப் பற்றிப் பேசும்போது மூளையில் பரிசு கிடைத்தால் தூண்டப்படும் பகுதிகள் விழித்துக்கொண்டன. அந்த வாய்ப்புக்காக, ஆய்வில் பங்கேற்றவர்கள் தங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய பணத்தில் சராசரியாக 17 சதவீதத்தை விட்டுக்கொடுத்தார்கள்.

அதனால் ஒரு திருப்பும் பதிலை வைத்து யாரையும் எடைபோடக் கூடாது. மொழியியலாளர் டெபோரா டானன் 1978-இல் கலிபோர்னியாவில் ஒரு விருந்துப் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். அங்கிருந்த நியூயார்க்காரர்கள் ஒருவர் கதைக்குத் தங்கள் கதையைப் பதிலாகச் சொன்னார்கள். "உன்னைப் புரிகிறது" என்பதற்கு அவர்களுடைய வழி அது. நம் வீடுகளிலும் இது உண்டு.

அப்படியானால் எதைப் பார்ப்பது? அடுத்து வரும் நகர்வைத்தான். அப்பா கதையைச் சொல்லிவிட்டு, "சரி, அம்மாவுக்கு எந்தக் கண்ணுல?" என்று தோழி திரும்பி வந்தால் அது துணைக்கதை. லீவு, மேனேஜர், புது வேலை என்று போய்க்கொண்டே இருந்தால் திருப்பல்.

கேள்வி வந்தாலும் அது எந்த வகை என்று பாருங்கள். "நீ எப்படி இருக்கே?" என்பதை யாரும் கேட்கலாம். நாம் இப்போது சொன்ன பதிலுக்குள்ளிருந்து பிறக்கும் கேள்விதான் கவனித்துக் கேட்டதற்கு அடையாளம். கேரன் ஹுவாங்கும் சக ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் தொடர்ந்து கேட்பவர்களையே எதிரில் இருப்பவர்கள் அதிகம் விரும்பினார்கள். கேள்வி கேட்டு, நம் பதில் முடிந்ததும் தன் பதிலுக்குத் தாவுகிறவர்களும் உண்டு. அவர்களுடைய கேள்வி ஒரு முன்னுரை மட்டுமே.

ஒரே போனில் முடிவுக்கு வர வேண்டாம். தோழிக்கே அன்று ஏதாவது பாரம் இருந்திருக்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்கள் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும். அடுத்த வாரம் பேசும்போது அதை நினைவில் வைத்து, "அம்மா மருந்து ஒழுங்கா போட்டுக்கறாங்களா?" என்று அவளாகவே கேட்கிறாளா என்று பாருங்கள்.