ஏஐ பாட்டில் எந்தச் சொல் வேலை செய்கிறது?

சுனோ மாதிரியான செயலிகளில் பாட்டு செய்து எடுத்துக்கொண்டு, "இதைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க" என்று எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வருகிறவர்கள் இப்போது அதிகம். எப்படிப்பட்ட பாட்டு வேண்டும் என்று செயலிக்கு அவர்கள் எழுதிக்கொடுத்த ப்ராம்ப்டை வாங்கிப் பார்ப்பேன். முதல் பாட்டுக்கு எழுதியதற்கும் கடைசிப் பாட்டுக்கு எழுதியதற்கும் சம்பந்தமே இருக்காது. ஒரு தடவை பிடிக்கவில்லை என்றதும் குரல், வாத்தியம், வேகம், மனநிலை எல்லாவற்றையும் சேர்த்து மாற்றியிருப்பார்கள். அடுத்தது நன்றாக வந்தால், எதனால் வந்தது என்று அவர்களுக்கே தெரியாது.

"ஒரு நேரத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரியான யோசனைதான். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எதையுமே மாற்றாமல் அதே ப்ராம்ப்டை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். சுனோவில் ஒரு தடவை பொத்தானை அழுத்தினால் இரண்டு பாட்டு வரும். ப்ராம்ப்ட் ஒன்றுதான், ஆனாலும் மெட்டு வேறு, குரல் வேறு, சில சமயம் தாளமே வேறு. அதாவது, நீங்கள் கை வைக்காமலே பாட்டு இவ்வளவு மாறும். ஒரு சொல்லை மாற்றியதும் வருகிற வித்தியாசம் இந்த அளவைத் தாண்டினால்தான் அது அந்தச் சொல்லின் வேலை. இல்லையென்றால் தற்செயல்.

ஒரு பாட்டை வைத்தே சொல்கிறேன். அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், டெங்கு விழிப்புணர்வுக்காகத் தானே எழுதிய பாட்டோடு வந்தார். காலைக் கூட்டத்தில் மைதானத்துக் குழாய் ஸ்பீக்கரில் போட வேண்டும். "கேட்க நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா பிள்ளைங்களுக்கு வார்த்தையே புரியல" என்றார். பாட்டின் பாணியைச் சொல்வதற்கான ஸ்டைல் பெட்டியில் அவர் எழுதியிருந்தது இது:

```
Tamil folk, female vocal, parai, nadaswaram, 6/8, 110 BPM, energetic, festive
```

முதலில் இதை அப்படியே மறுபடி ஓட்டினோம். கையில் நான்கு பாட்டு. மெட்டு நான்கிலும் வேறு வேறு. குரலில் ஒன்று கனத்தது, ஒன்று மெலிந்தது. ஆனால் இரண்டு விஷயம் மாறவில்லை. பல்லவி வந்ததும் சினிமா குத்துப்பாட்டு போல எலக்ட்ரானிக் பேஸ் ஏறிவிடுகிறது. சரணத்தில் பாடகி மூச்சு விடாமல் ஓடுகிறாள். எல்லாப் பாட்டிலும் திரும்பத் திரும்ப வருகிற குறைதான் ப்ராம்ப்டைக் குறை சொல்ல வேண்டிய இடம். ஒன்றில் மட்டும் வந்துபோகிற குறைக்காக ப்ராம்ப்டைத் திருத்துவது வீண் வேலை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒன்றை மட்டும் மாற்றுகிறோம் என்று நினைக்கும்போதே நமக்குத் தெரியாமல் வேறு சில மாறிவிடும். பாட்டை உருவாக்குகிற ஏஐ மாடலின் பதிப்பு அதில் முக்கியமானது. செயலியில் புதுப் பதிப்பு வந்து, பழையதுக்குப் பதிலாக அது தேர்வாகியிருந்தால் உங்கள் ஒப்பீடு அதோடு செத்தது. அப்புறம், நாம் எழுதிய ஸ்டைலை அழகாக நீட்டித் தருகிற பொத்தான். அதைத் தொட்டால் நம் பத்துச் சொல் ஒரு பத்தியாகிவிடும். பாடல் வரியைச் செயலியே எழுதிக்கொள்ளும் எளிய முறையில் சோதனை செய்வதும் பயனில்லை, ஒவ்வொரு தடவையும் வரியே மாறும். `Custom` முறைக்குப் போய், வரியை நாமே ஒட்டி, `Weirdness`, `Style Influence` என்ற இரண்டு நகர்த்திகளையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். ஸ்டைலைச் சோதிக்கிற வரை பாடல் வரியில் ஒரு கமாவைக்கூடத் தொடக் கூடாது. வரியும் ப்ராம்ப்டின் பகுதிதான், பலரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

குத்துப்பாட்டு பேஸுக்கு எந்தச் சொல் காரணம்? என் சந்தேகம் `energetic` மேல். மனநிலைச் சொற்கள் மனநிலையோடு நிற்பதில்லை. துள்ளலான பாட்டு என்றால் எப்படிப்பட்ட டிரம், எப்படிப்பட்ட மிக்ஸிங் என்று மாடல் கற்றுவைத்திருக்கிறதோ அதையெல்லாம் சேர்த்தே இழுத்துவரும். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்தோம். வேறு சொல் எதையும் அதன் இடத்தில் வைக்கவில்லை. மாற்று வைத்தால் பழையது போனதன் விளைவா, புதியது வந்ததன் விளைவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. புதிய நான்கில் மூன்றில் பேஸ் அடங்கிவிட்டது. ஒன்றில் இருந்தது, ஆனால் லேசாக. முன்பு நான்கிலும் இருந்ததை வைத்துப் பார்த்தால் இது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு.

ஆசிரியை உடனே, "அப்போ எலக்ட்ரானிக் வேண்டாம்னே எழுதிடலாமே" என்றார். ஸ்டைல் பெட்டியில் `no electronic` என்று எழுதுவது நம்ப முடியாத வழி. பல சமயம் மாடல் `no`வைக் கவனிக்காமல் அடுத்த சொல்லைப் பிடித்துக்கொள்கிறது. வேண்டாததைச் சொல்வதற்கென்று தனிப் பெட்டி இருக்கிறது, அங்கே எழுதலாம். ஆனால் அதுவும் ஒரு மாற்றம். அதற்கும் தனிச் சுற்று வேண்டும்.

அடுத்து `parai`. அதை எடுத்துப் பார்த்ததில் தோல் வாத்தியத்தின் ஒலி கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. பறையின் பெயருக்காக மாடல் தனியாக எதையும் செய்யவில்லை, `Tamil folk` என்பதிலேயே அந்தப் பொதுவான மேளச் சத்தம் வந்துவிடுகிறது என்று புரிந்தது. எடுத்தாலும் எதுவும் மாறாத சொல் வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. என்னிடம் வருகிற ப்ராம்ப்டுகளில் பாதிச் சொல் இந்த ரகம்தான். `nadaswaram` அப்படியில்லை. அதை எடுத்தபோது இடையிசையில் கேட்ட அந்தக் கூரிய சீவாளி ஒலி போய், புல்லாங்குழல் வந்து உட்கார்ந்தது. ஆக அந்தச் சொல் சம்பளத்துக்கு வேலை செய்கிறது. திரும்பச் சேர்த்துவிட்டோம்.

`110 BPM` சோதிக்க எளிதானது, காதை நம்ப வேண்டியதில்லை. பாட்டை ஓடவிட்டு 15 விநாடிக்கு எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். 110 கேட்டதற்குத் துல்லியமாக 110 வராது, கொஞ்சம் முன்னே பின்னே இருப்பது சகஜம். ஆனால் இங்கே `6/8`, அதாவது மும்மூன்றாகப் போகிற திஸ்ர நடை என்பதால் ஒரு குழப்பம் உண்டு. "தகிட தகிட" என்று போகும்போது ஒவ்வொரு "தகிட"வையும் ஒரு தட்டாக எண்ணுகிறீர்களா, உள்ளே இருக்கிற மூன்றையும் தனித்தனியாக எண்ணுகிறீர்களா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் ஒரே பாட்டை ஒருவர் மெதுவென்பார், இன்னொருவர் வேகமென்பார்.

வேகத்தை 110இலிருந்து 90 ஆக்கிப் பார்த்தோம். தட்டு குறைந்தது. ஆனால் பாடகியின் ஓட்டம் நிற்கவில்லை! சரணத்தில் வார்த்தைகள் இன்னும் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் விழுந்தன. இந்தச் சோதனை 'தோற்றது'தான் அன்றைக்குக் கிடைத்த பெரிய தகவல் என்பேன். குறை ஸ்டைல் பெட்டியில் இல்லை, பாடல் வரியில் இருக்கிறது.

அதனால் 110ஐத் திரும்ப வைத்து, ஸ்டைலைப் பூட்டிவிட்டு, வரிக்குப் போனோம். ஆசிரியை எழுதியது:

```
கொட்டாங்குச்சியில தேங்கி நிக்கிற தண்ணியில கொசு முட்டை போடுறதுக்கு முன்னே கவுத்துப்போடு
```

இவ்வளவும் ஒரே வரி. வரி முறிகிற இடத்தைத்தான் மாடல் பெரும்பாலும் இசை வாக்கியத்தின் முடிவாக எடுத்துக்கொள்கிறது. ஒரு வாக்கியத்துக்குள் இத்தனை அசையை அடைக்க வேண்டுமென்றால் பாடகி ஓடத்தானே வேண்டும்? சொல்லைக் குறைத்து, கையால் "தகிட" தட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்து, நான்கு வரியாக உடைத்தோம்:

```
கொட்டாங்குச்சித் தண்ணியில
கொசு முட்டை போடுமுன்னே
கவுத்துப்போடு கண்ணம்மா
காஞ்சுபோகட்டும் பின்னாலே
```

இதற்கப்புறம் வந்த பாட்டுகளில் ஒவ்வொரு வரி முடிவிலும் பாடகி மூச்சு விட்டாள். `6/8` என்ற சொல் அதுவரை சொதப்பிக்கொண்டிருந்த திஸ்ர நடையும் ஒழுங்காக வந்தது. தாளத்தை ஸ்டைல் பெட்டியில் எத்தனை முறை எழுதினாலும், வரியின் அளவு அதற்கு ஒத்துவராவிட்டால் மாடல் வரியின் பக்கம்தான் சாயும் என்பது என் அனுபவம்.

ஒரு சிக்கல் மிச்சம். "கொசு" சில பாட்டில் "கொச்சு" மாதிரி ஒலித்தது. நமக்கு இடம் பார்த்து ச-வை எப்படி ஒலிப்பது என்று தெரியும், மாடலுக்கு எப்போதும் தெரிவதில்லை. வரியில் மட்டும் "கொஸு" என்று எழுதினோம், சரியாகிவிட்டது. இது பாடுவதற்கான பிரதி. நோட்டீஸில் அச்சடிப்பதற்கு வேறு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டில் எண் வந்தாலும் இதே கதைதான், எழுத்தாலேயே எழுதிவிடுங்கள்.

கேட்கும் முறையிலும் ஏமாறுகிறவர்கள் உண்டு. இரண்டு பாட்டில் எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதுதான் நன்றாக இருப்பதாகக் காது சொல்லும். ஒலி அளவைச் சமமாக்கிவிட்டு, இரண்டிலும் ஒரே பகுதியை, முதல் பல்லவி என்றால் முதல் பல்லவியை மட்டும், அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். எது பழையது, எது புதியது என்று சொல்லாமல் இன்னொருவர் போட்டுக்காட்டினால் இன்னும் நல்லது. நாங்கள் கடைசியில் ஸ்டுடியோ ஸ்பீக்கரை விட்டுவிட்டு ஆசிரியையின் போனிலேயே கேட்டோம். குழாய் ஸ்பீக்கரில் அடித்தொனி அவ்வளவாக வராது, போனிலும் அப்படித்தான். போனில் வார்த்தை புரிந்தால் மைதானத்திலும் புரிய வாய்ப்பு அதிகம்.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். சொற்கள் தனித்தனியாக மட்டும் வேலை செய்வதில்லை. `energetic` போய், வரியும் சரியான பிறகு, ஓர் ஆசைக்காக `parai`யைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தோம். முன்பு எதுவும் செய்யாத அந்தச் சொல் இப்போது குச்சியால் அடிக்கிற வறண்ட தாளம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதுவரை வரிகளின் நெரிசல் அதை அமுக்கியிருக்கலாம். அதனால், ஒரு பெரிய மாற்றம் நிலைத்த பிறகு, ஏற்கெனவே 'சும்மா இருக்கிறது' என்று தள்ளிய சொல்லை ஒரு தடவை திரும்பச் சோதிப்பது நல்லது. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சோதிக்க முடியாது, கிரெடிட் தீர்ந்துவிடும். சந்தேகமான ஒன்றிரண்டைப் பார்த்தால் போதும்.

இதையெல்லாம் நினைவில் வைக்க முடியாது. பாட்டின் பெயரிலேயே எழுதிவிடுவேன்:

```
dengue_03_minus-energetic_a
```

மூன்றாம் சுற்று, எதை எடுத்தோம், இரண்டில் முதலாவது. அவ்வளவுதான்.

எங்கே நிறுத்துவது? நான்கில் மூன்று பாட்டு பள்ளிக்குப் போடத் தகுந்ததாக வந்ததும் ப்ராம்ப்டில் கை வைப்பதை நிறுத்திவிட்டோம். தேர்ந்தெடுத்த பாட்டில் இரண்டாம் சரணத்தின் கடைசிச் சொல் மட்டும் விழுங்கப்பட்டிருந்தது. மற்றதிலெல்லாம் அது சரியாக இருந்ததால் ப்ராம்ப்டின் குறை இல்லை. அந்தப் பகுதியை மட்டும் மாற்றும் வசதியில் அந்த ஒரு வரியைத் திரும்பப் பாடவைத்து, ஒட்டிக்கொடுத்தோம்.